தடித்த எழுத்தில் ஓர் எண்

முழு உடல் பரிசோதனை முடிவைக் கைப்பேசியில் திறந்துவிட்டு, டாக்டரைப் பார்க்கும்வரை தூக்கம் தொலைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்



வருடத்துக்கு ஒருமுறை அலுவலகம் தன் செலவில் அனுப்பிவைக்கும் மாஸ்டர் ஹெல்த் செக்கப்பின் முடிவு, பெரும்பாலும் டாக்டர்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் வந்து சேரும். சனிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப். பத்துப் பன்னிரண்டு பக்கம் இருக்கும். அதை முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படிப்பவரைக் காண்பது அரிது. கட்டைவிரல் மளமளவென்று தள்ளிக்கொண்டே போகும். எங்கே எழுத்து தடித்திருக்கிறதோ, எங்கே எண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய அம்பு நிற்கிறதோ, அங்கே போய் நிற்கும். அந்த நொடியிலிருந்து திங்கட்கிழமை காலைவரை நடப்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலைபார்க்கும் 34 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அப்படித் தனியாக ஓர் ஆள் இல்லை. இந்த மடல் போய்ச்சேர வேண்டிய பலருடைய சாயல்களைச் சேர்த்து அமைத்த ஆள். அவருக்குக் கொடுத்திருக்கும் எண்கள் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் அன்றாடம் பார்க்கக்கூடியவைதான்.

அவருடைய அறிக்கையில் தடித்திருந்தது ஒரே ஒரு வரி. மொத்த பிலிருபின், ஒரு டெசிலிட்டருக்கு 2.1 மில்லிகிராம். அந்த லேப் அச்சடித்திருந்த மேல் எல்லை 1.2. எட்டு மணிக்கு அதைப் பார்த்தார். எட்டேகாலுக்குத் தேட ஆரம்பித்தார். ஒன்பது மணிக்குள் மஞ்சள் காமாலை, கல்லீரல் சுருக்கம், கணையப் புற்றுநோய் என்று மூன்று ஊர்களைக் கடந்திருந்தார். கடைசி ஊரில் அவர் இறங்கியதற்குக் காரணம் உண்டு. அவருடைய பெரியப்பா கணையப் புற்றில் இறந்தவர். அவருக்கும் முதலில் கண்தான் மஞ்சளானது. பதினோரு மணிக்குக் குளியலறைக் கண்ணாடி முன்னால் கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டரைக்கு, வீட்டுக் கடனில் இன்னும் எத்தனை தவணை பாக்கி, இன்சூரன்சில் நாமினி யார் பெயர் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்குப் பிரிவு ஆள் அல்லவா, அதில் மட்டும் பிழையே இல்லை.

ஒரு சிறு அறிகுறியிலிருந்து நேராகப் பேரழிவுக்குத் தாவும் இந்தப் பழக்கத்தை அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் தன் சிகிச்சைமுறையின் மையத்தில் வைத்துப் பேசினார். பிலடெல்பியாவில் மனநல மருத்துவராக இருந்த ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய சிகிச்சைமுறையும் இதையே கையில் எடுத்தது. பெக்கின் முறையில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று. மனத்தில் ஓடும் பயங்கரக் கதையை அவர் நோயாளியின் முட்டாள்தனம் என்று தள்ளவில்லை. ‘நல்லதே நினையுங்கள்’ என்று மூடிப் போடவும் இல்லை. அதை ஒரு கணிப்பாக எடுத்துக்கொண்டார். கணிப்பு என்றால் சோதிக்கலாம். நோயாளியும் மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, இந்தக் கதை உண்மையானால் வேறு என்னென்ன தென்பட வேண்டும், அவை தென்படுகின்றனவா என்று சேர்ந்தே பார்ப்பார்கள்.

பிலிருபின் கதையை அப்படிச் சோதிக்கத் தேவையான சாட்சிகளில் பெரும்பாலானவை அதே பிடிஎஃபில் இருக்கின்றன என்பதுதான் வேடிக்கை. கட்டைவிரல் அவற்றைத் தாண்டிப் போய்விட்டது. அவ்வளவே.

முதலில் அந்த அம்புக்குறி. அறிக்கையின் வலது ஓரத்தில் ‘இயல்பு எல்லை’ என்று அச்சாகியிருக்கும் இரண்டு எண்களுக்கு நடுவே இருந்தால் ஆரோக்கியம், வெளியே போனால் நோய் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த எல்லைகள் பொதுவாகப் போடப்படும் விதம் வேறு. நலமாக இருக்கும் நிறையப் பேரிடம் ரத்தம் எடுத்து அளக்கிறார்கள். கிடைத்த எண்களை வரிசைப்படுத்தி, நடுவில் உள்ள 95 சதவீதத்தை எல்லைக்குள் வைக்கிறார்கள். மேலே இரண்டரை, கீழே இரண்டரை சதவீதம் வெளியே போகும். ஆக, வெளியே நிற்கும் அந்த ஐந்து சதவீதத்தினரும் நலமாக இருந்தவர்கள்தாம். இதன் விளைவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளைப் பூரண நலமுள்ள ஒருவருக்குச் செய்தால், எல்லாமே எல்லைக்குள் அமைவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 36 சதவீதம்தான். மீதி 64 சதவீதம் பேருக்கு ஒரு வரியாவது தடித்து வரும். உண்மையில் சோதனைகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் இப்போதைய பேக்கேஜ்கள் அறுபது, எழுபது வரிகளை அளக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு அம்புகூட இல்லாத அறிக்கையைப் பார்த்துத்தான் ஆச்சரியப்பட வேண்டும். ‘அறுபது சோதனை ஆயிரம் ரூபாய்க்குள்’ என்று விளம்பரம் செய்பவர்கள் இதையும் ஒரு வரியில் அச்சடித்தால் பல வீடுகளில் சனிக்கிழமை இரவு அமைதியாகக் கழியும்.

ஆனாலும் 2.1 என்பது எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் எண் இல்லை. ‘புள்ளியியல் தற்செயல்’ என்று தள்ளிவிட முடியாது. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தாக வேண்டும்.

ரத்தத்தின் சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 120 நாள் வாழும். வயதான அணுக்களை மண்ணீரல் முதலிய இடங்களில் உடல் உடைக்கும்போது ஹீமோகுளோபினிலிருந்து ஒரு மஞ்சள் கழிவு வரும். அதுதான் பிலிருபின். பிறந்த வடிவத்தில் அது தண்ணீரில் கரையாது. ஆல்புமின் என்ற புரதத்தின் முதுகில் ஏறிக் கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் அதோடு ஒரு சர்க்கரைப் பொருளைச் சேர்த்துக் கரையும்படி மாற்றிப் பித்தநீரில் விடும். கல்லீரலுக்குள் போகும் முந்தைய வடிவத்தை லேப் அறிக்கை ‘இன்டைரக்ட்’ என்கிறது. மாற்றப்பட்ட பிந்தைய வடிவத்தை ‘டைரக்ட்’ என்கிறது. இரண்டையும் கூட்டினால் மொத்தம். தடித்து வந்தது மொத்தம்தான். அதற்குக் கீழே இரண்டு வரிகளில் கிடந்த பிரிப்பை நம் ஆள் பார்க்கவே இல்லை. டைரக்ட் 0.4. இன்டைரக்ட் 1.7.

இந்த இரண்டு எண்களில்தான் கதையின் தலையெழுத்தே இருக்கிறது. கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி வளர்ந்தால் அது பித்தக்குழாயை நெருக்கி அடைக்கும். கல்லீரல் தன் வேலையைச் செய்துவிட்டது. மாற்றப்பட்ட பிலிருபின் வெளியேற வழியில்லாமல் ரத்தத்துக்குத் திரும்புகிறது. அப்போது கூடுவது டைரக்ட். கூடவே, பித்தக்குழாய் அடைபட்டால் ஏறும் ஆல்கலைன் பாஸ்படேஸ், ஜிஜிடி ஆகிய இரண்டும் ஏறும். நம் ஆளின் ஆல்கலைன் பாஸ்படேஸ் 78, ஜிஜிடி 21. இரண்டும் சாதாரணம். பெரியப்பாவின் கதை இவருடைய கதையாக இருக்க வேண்டுமானால் இந்த மூன்று வரிகளும் வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இதை வேறு பாதையில் கண்டுபிடித்தவர் அவருடைய மனைவி. அவருக்கு ஆல்கலைன் பாஸ்படேஸ் என்றால் என்னவென்று தெரியாது. “ஏங்க, பெரிய மாமாவுக்கு அரிப்பு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டே இருப்பாரு. அத்தை வேப்பிலை எல்லாம் போட்டு ஒத்தடம் குடுப்பாங்க. உங்களுக்கு அரிக்குதா?” என்று கேட்டார். இல்லை. “அவருக்கு ஆறு மாசமா பேன்ட் இடுப்புல நிக்கவே இல்ல. நீங்க போன மாசம்தான் ஒரு சைஸ் பெருசா வாங்கினீங்க.” கிண்டல்தான். ஆனால் பெக் மேசையில் உட்கார்ந்து கேட்டிருக்கக்கூடிய கேள்வியும் அதுவே. பித்தக்குழாய் அடைபட்டவருக்கு உடம்பு அரிக்கும், மலம் வெளிறிக் களிமண் நிறத்துக்கு வரும், சிறுநீர் டீ டிகாக்‌ஷன்போலக் கறுக்கும், எடை குறையும். பெரியப்பாவுக்கு இவை எல்லாம் இருந்தன. இவருக்கு இருந்தது, பெரியப்பாவின் நினைவு மட்டும்.

இருவரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டார்கள். இடது பக்கம் ‘கதை சொல்வது’, வலது பக்கம் ‘காகிதம் சொல்வது’. இடது பக்கத்தில் கல்லீரல் சுருக்கம் என்று எழுதினால், வலது பக்கத்தில் எதை எழுதுவது? எஸ்ஜிபிடி 24, எஸ்ஜிஓடி 22 என்று எழுதலாம், இரண்டும் இயல்பு. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். கல்லீரல் வெகுவாகச் சுருங்கிப்போனவர்களுக்கும் சில நேரம் இந்த நொதிகள் இயல்பாகவே காட்டும். அதனால் இன்னும் இரண்டு வரிகளைச் சேர்க்க வேண்டும். ஆல்புமினைத் தயாரிப்பது கல்லீரல். அது செயலிழக்கும்போது ஆல்புமின் இறங்கும். சுருங்கிய கல்லீரலால் மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட் எண்ணிக்கையும் இறங்கும். அவருக்கு ஆல்புமின் 4.5, பிளேட்லெட் இரண்டு லட்சத்து அறுபதாயிரம். பேக்கேஜிலேயே எடுத்திருந்த வயிற்று ஸ்கேனில் கல்லீரல், மண்ணீரல், பித்தக்குழாய் மூன்றும் இயல்பு என்று ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருந்தது. கல்லீரல் சுருக்கத்தால் பிலிருபின் ஏறும் கட்டத்துக்கு வந்துவிட்ட ஒருவருக்கு இத்தனை வரிகளும் ஒருசேர இயல்பாக இருப்பது நடக்கக்கூடிய காரியம் இல்லை.

வலது பக்கம் நிரம்பிவிட்டது. இடது பக்கம் மட்டும் விடாமல் புதிய சாட்சிகளைக் கொண்டுவந்துகொண்டிருந்தது. இதை விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் பயந்தவர்கள் கதையை வெறுமனே நம்புவதில்லை. அதற்கு ஆதாரமும் தயாரிக்கிறார்கள், தங்களை அறியாமலே.

கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். கண்ணின் வெண்பகுதியில் மஞ்சள் தெரிய ஆரம்பிக்க, மொத்த பிலிருபின் பொதுவாக 2.5, 3 என்ற அளவையாவது தொட வேண்டும். 2.1-இல் தெரியாது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு, குளியலறையின் மஞ்சள் பல்புக்குக் கீழே, இமையை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் யாருடைய கண்ணும் மஞ்சளாகத்தான் தெரியும். அதோடு கீழ் இமைக்குள் இருக்கும் மெல்லிய கொழுப்புப் படலம் இயல்பிலேயே லேசான மஞ்சள். மருத்துவர்கள் காமாலைக்குக் கண்ணைப் பார்ப்பது பகல் வெளிச்சத்தில். நோயாளியைக் கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையைத் தூக்கி. நம் ஆள் செய்தது அதற்கு நேர் எதிர்.

அடுத்தது சிறுநீர். ஞாயிறு காலையில் அது பளிச்சென்ற மஞ்சளாக இருந்தது என்று பதறினார். முந்தின இரவு தண்ணீர் குடிக்கவில்லை. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒரு பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை வேறு போட்டிருந்தார். அதில் உள்ள ரிபோஃபிளேவின் சிறுநீரை எலுமிச்சை மஞ்சளாக்கும் என்பது மருந்துக்கடைக்காரர் எவருக்கும் தெரியும். இங்கே உடலின் வேதியியலே ஒரு நல்ல சோதனையைத் தருகிறது. இன்டைரக்ட் பிலிருபின் ஆல்புமினோடு ஒட்டியிருப்பதால் சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கடக்காது. டைரக்ட் கடக்கும். ஆகவே சிறுநீரில் பிலிருபின் இருந்தால் அது டைரக்ட் கூடியதன் அடையாளம். அறிக்கையின் சிறுநீர்ப் பக்கத்தில், ‘பிலிருபின்: இல்லை’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் சுவாரசியமானது. பத்தியம். சனிக்கிழமை இரவே அம்மாவுக்குப் போன் போய்விட்டது. “எண்ணெய் தொடாதடா, உப்பைக் குறை, கீழாநெல்லியை அரைச்சு மோர்ல குடி, ரெண்டு நாளைக்கு வெறும் மோர்சாதம் போதும்” என்று உத்தரவு வந்தது. அம்மாவின் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவருடைய பிலிருபின் ஏறியதற்கு உண்மையான காரணம் எதுவோ, அதைப் பட்டினி நேராகத் தூண்டிவிடும்.

அந்தக் காரணத்துக்கு ஒரு பெயர் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் அகஸ்டின் கில்பர்ட், தன் சகாவான பியர் லெரபுல்லேயோடு சேர்ந்து 1901-இல் விவரித்த நிலை அது. கல்லீரலில் பிலிருபினை மாற்றும் நொதி பிறவியிலேயே குறைவாகச் செயல்படும்; பெரும்பாலானவர்களிடம் மற்றவர்களுடைய அளவில் சுமார் 30 சதவீதம். யுஜிடி1ஏ1 என்ற மரபணுவில் ஏற்படும் சிறு மாற்றம்தான் காரணம். முப்பது சதவீதம் அன்றாடத்துக்குப் போதும். பட்டினி கிடந்தால், காய்ச்சல் வந்தால், தண்ணீர் குறைந்தால், கடும் உடற்பயிற்சி செய்தால், தூக்கம் கெட்டால் கொஞ்சம் தேங்கும். தேங்குவது இன்டைரக்ட் மட்டும். கல்லீரலுக்குக் கேடில்லை, ஆயுளுக்குக் குறைவில்லை, மருந்தும் இல்லை. ஒரு காலத்தில் இதைக் கண்டறியும் சோதனையாகவே, நாளைக்கு 400 கலோரி மட்டும் கொடுத்து இரண்டு நாள் வைத்துப் பார்ப்பார்கள்; இந்த நிலை உள்ளவர்களுக்கு இன்டைரக்ட் பிலிருபின் இரண்டு மூன்று மடங்கு ஏறும்.

இப்போது நம் ஆளின் வார இறுதியைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை இரவு ஏழரைக்குச் சாப்பிட்டார். வெறும் வயிற்றோடு வரச் சொன்னதால் காலையில் காப்பிகூடக் குடிக்கவில்லை. சோதனை அன்று கொஞ்சம் நல்ல பிள்ளையாக இருப்போம் என்று விடியற்காலையில் ஓடிவிட்டு வந்தார். லேபில் கூட்டம், ரத்தம் எடுத்தபோது மணி பத்தரை. பதினைந்து மணி நேரப் பட்டினி, வியர்வை, தண்ணீர் இல்லை. கில்பர்ட் உள்ளவருடைய பிலிருபினை ஏற்றிக் காட்ட வேண்டும் என்று யாராவது திட்டம் போட்டிருந்தால் இதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது. அதற்குப் பிறகு பயத்தில் தூங்கவில்லை. பத்தியத்தில் அரை வயிறு. ஞாயிற்றுக்கிழமையே இன்னொரு லேபுக்கு ஓடி, மறுபடியும் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்திருந்தால் 2.6 வந்திருக்கும். ‘ஒரே நாளில் ஏறிவிட்டது’ என்று கதை தன் கடைசி அத்தியாயத்துக்குப் போயிருக்கும். அங்கிருந்து பத்தியம் முடிந்து, பசி தாங்காமல் பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் எண் இறங்கும். புகழ் கீழாநெல்லிக்குப் போகும். மனைவி பிடிவாதமாக இட்லியும் சாம்பாரும் சாப்பிடவைத்தது நல்லதாய்ப் போயிற்று.

தேடுபொறியின் பங்கையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவன ஆய்வாளர்கள் ரையன் வைட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் மக்கள் நோய்க்குறிகளை இணையத்தில் தேடும் விதத்தை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். சாதாரண அறிகுறியில் தொடங்கும் தேடல்கள் அரிய, கொடிய நோய்களை நோக்கி ஏறிப்போவதை அவர்கள் காட்டினார்கள். காரணம் எளிது. ஒரு நோயைப் பற்றி எத்தனை பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன என்பதற்கும் அது எத்தனை பேருக்கு வருகிறது என்பதற்கும் சம்பந்தமில்லை. புற்றுநோயைப் பற்றி ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருக்கும். ஒன்றும் செய்யாத கில்பர்ட்டைப் பற்றி எழுத எவருக்கு அவசரம்?

பக்கங்களை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணினால் காட்சி தலைகீழாகும். பெரியவர்கள் ஒரு லட்சம் பேரை எடுத்துக்கொள்வோம். கில்பர்ட் நிலை நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பேருக்கு இருப்பதாகப் பாடநூல்கள் சொல்கின்றன. குறைந்த கணக்கை எடுத்தாலும் மூவாயிரம் பேர். கணையப் புற்று இந்தியாவில் ஒரு வருடத்தில் லட்சத்துக்கு ஓரிருவர் என்ற அளவில் வருவது. அவர்களிலும் பெரும்பாலானவர்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள். 34 வயதில், எந்தத் தொந்தரவும் இல்லாமல், செக்கப்பில் பிலிருபின் மட்டும் ஏறியிருக்கும் ஒருவர் இந்த இரு கூட்டங்களில் எதைச் சேர்ந்தவராக இருப்பார் என்று பந்தயம் கட்டச் சொன்னால், நம் கணக்குப் பிரிவு ஆளே யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார். பந்தயம் அடுத்தவரைப் பற்றியதாக இருந்தால்.

இந்த எண்ணிக்கைகளுக்கு ஒரு வரம்பு உண்டு. அவை விசாரணையைத் தொடங்கிவைக்க உதவும், முடித்துவைக்க உதவாது. அதே 34 வயதுக்காரருக்கு மொத்தம் 2.1, அதில் டைரக்ட் 1.6, ஆல்கலைன் பாஸ்படேஸ் 340 என்று வந்திருந்தால், ‘லட்சத்தில் ஒருவருக்குத்தானே’ என்று சாய்ந்து உட்காருவது பயத்தைவிட மோசமான தவறு. அப்போது காகிதம் வேறு கதையைச் சொல்கிறது. பித்தப்பைக் கல் ஒன்று குழாயில் நகர்ந்திருக்கலாம், வேறு அடைப்பு இருக்கலாம், தாமதிக்காமல் பார்க்க வேண்டும். கதையைச் சோதிப்பது என்றால் இரண்டு பக்கத்துக்கும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சோதிப்பதுதான். ‘ஒன்றுமில்லை’ என்ற முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டு அதற்கு ஆதாரம் தேடுவதும் அதே வியாதியின் மறுபக்கம்.

நம் ஆளின் நோட்டிலும் ஒரு வரி காலியாக இருந்தது. இன்டைரக்ட் மட்டும் கூடுவதற்குக் கில்பர்ட் தவிர இன்னொரு முக்கியக் காரணம் உண்டு. சிவப்பணுக்கள் காலத்துக்கு முன்பே அளவுக்கு மீறி உடைந்துகொண்டிருந்தாலும் கல்லீரல் சமாளிக்க முடியாமல் இன்டைரக்ட் தேங்கும். அப்படியானால் ஹீமோகுளோபின் இறங்கியிருக்கலாம். இழப்பை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை இளம் சிவப்பணுக்களை அவசரமாக அனுப்பும், அதாவது ரெட்டிகுலோசைட் கூடும். ஹீமோகுளோபின் 14.8 என்று காகிதத்தில் இருந்தது. ரெட்டிகுலோசைட் பேக்கேஜில் இல்லை. வலது பக்கத்தில் அந்த இடத்தில் ‘தெரியாது, கேட்க வேண்டும்’ என்று எழுதினார்கள். இரண்டு நாள் அலைச்சலில் அவர்கள் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று சொல்லலாம். பயம் பத்துக் கேள்விகளாகப் பெருகியிருந்தது. இப்போது டாக்டரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி மிஞ்சியது.

திங்கட்கிழமை டாக்டர் அறிக்கையை ஒரு நிமிடம் புரட்டினார். முதலில் கேட்டது, “ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி கடைசியா எப்ப சாப்பிட்டீங்க சார்?” அடுத்தது, “வேற ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா? வீட்டுல வேற யாருக்காவது இப்படி லேசா ஏறிக் காமிச்சிருக்கா?” அதற்குப் பிறகு கண்ணைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். ரெட்டிகுலோசைட்டும் எல்டிஹெச்சும் எழுதிக் கொடுத்தார். “ரெண்டு வாரம் கழிச்சு, காலையில டிபன் சாப்பிட்டுட்டு வந்து ரத்தம் குடுங்க” என்றார். அந்த ‘டிபன் சாப்பிட்டுட்டு’ என்ற ஒரு சொல்லில்தான் நோய்க்கணிப்பு முழுவதும் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மொத்த பிலிருபின் 1.3. ரெட்டிகுலோசைட்டும் எல்டிஹெச்சும் இயல்பு. இன்டைரக்ட் மட்டும் லேசாக ஏறி, மற்ற எல்லாம் இயல்பாக இருந்து, மறுபரிசோதனையிலும் அப்படியே வந்தால் கில்பர்ட் என்று முடிவுசெய்ய அதுவே போதும். மரபணுச் சோதனையோ கல்லீரலில் ஊசி போட்டுத் திசு எடுப்பதோ பொதுவாகத் தேவைப்படாது.

நிம்மதி எத்தனை நாள் நீடித்தது என்று கேட்டால், பலருக்கும் நேர்வதுதான் அவருக்கும். நான்காம் நாள், ‘லேப் மாற்றி எழுதியிருந்தால்?’ என்ற எண்ணம் வந்தது. இங்கிலாந்தில் பால் சால்கோவ்ஸ்கிஸ், ஹிலரி வார்விக் என்ற இரு ஆய்வாளர்கள் 1980களில் இதைக் கவனித்து எழுதினார்கள். உடல்நலப் பயம் உள்ளவர் திரும்பத் திரும்பக் கேட்டுப் பெறும் உறுதிமொழி உடனே இதமளிக்கும். சீக்கிரமே வடிந்துபோய் அடுத்த உறுதிமொழிக்கு ஏங்க வைக்கும். கண்ணாடி பார்ப்பதும், மனைவியிடம் ‘கண் மஞ்சளா இருக்கா?’ என்று கேட்பதும், மறுபடி லேபுக்குப் போவதும் அந்த ரகம். அதனால் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சந்தேகம் வந்தால் அதைத் தேதி போட்டு நோட்டில் எழுதுவது. என்ன நடக்கும் என்று பயப்படுகிறாரோ அதைத் துல்லியமாக எழுதுவது. ‘இம்மாதக் கடைசிக்குள் கண் மஞ்சளாகும், எடை குறையும்’ என்று ஒரு வரி. மாதக் கடைசியில் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை கண்ணையும், எடை மெஷினையும் பார்த்துப் பக்கத்திலேயே முடிவை எழுதுவது. நடுவில் பார்ப்பதில்லை. மனைவியும் பதில் சொல்வதில்லை, “நோட்டுல எழுதிட்டீங்களா?” என்று மட்டும் கேட்பார். முதல் வாரம் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது.

பரிசோதனை முடிந்து கோப்பை மூடுமுன் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள் உண்டு. மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் ‘கில்பர்ட்’ என்று எழுதிவைக்க வேண்டும். அடுத்த வருடம் வேறொரு லேபில் 1.9 என்று தடித்து வரும்போது அதை 1.2 என்ற அச்சிட்ட எல்லையோடு ஒப்பிடாமல், தன்னுடைய பழைய எண்களோடும் அந்த டைரக்ட் வரியோடும் ஒப்பிட வேண்டும். கில்பர்ட் என்று தெரிந்துகொள்வதில் உண்மையான பயனும் ஒன்று இருக்கிறது. இரினோடெக்கான் என்ற புற்றுநோய் மருந்தை உடல் கழிப்பதும் இதே நொதியால்தான். நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அதன் பக்கவிளைவுகள் கடுமையாகலாம் என்பதால் அளவைக் கவனிப்பார்கள். எச்ஐவிக்குத் தரும் அட்டாசனவிர் பிலிருபினை நன்றாக ஏற்றிக் காட்டும். என்றாவது இவற்றைத் தர வேண்டிய நிலை வந்தால் அந்த டாக்டருக்குக் கோப்பின் முதல் பக்கம் உதவும். பிலிருபின் லேசாகக் கூடியிருப்பவர்களுக்கு இதயநோய் குறைவு என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு துள்ள வேண்டாம்; ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை.

கோப்பில் இருக்கிறது என்பதற்காக எல்லா மஞ்சளையும் கில்பர்ட் கணக்கில் எழுதவும் கூடாது. சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்துக்குப் போனால், மலம் வெளிறினால், காரணமில்லாமல் உடம்பு முழுக்க அரித்தால், காய்ச்சலோடு வலது மேல்வயிறு வலித்தால், டைரக்ட் வரி ஏறினால், அது வேறு விஷயம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கில்பர்ட் உள்ளவருக்கும் ஹெபடைடிஸ் ஏ வரும், பித்தக்கல்லும் வரும்.

கடைசியாக, டாக்டர் கேட்ட அந்தக் குடும்பக் கேள்வி. கில்பர்ட் பரம்பரையாக வருவது. உடன்பிறந்தவர்களுக்கு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நம் ஆளின் தம்பி கோயம்புத்தூரில் இருக்கிறார்; அவருடைய அலுவலகச் செக்கப் அடுத்த மாதம். அவருக்கு இந்த முறை முன்கூட்டியே போன் போயிற்று: “டேய், வெறும் வயித்தோட போகச் சொன்னா பத்துப் பன்னெண்டு மணி நேரம் போதும், அதுக்கு மேல கிடக்காத. தண்ணி குடிச்சுட்டுப் போ. பிலிருபின் தடிமனா வந்துச்சுன்னா கீழே ரெண்டு வரியைப் படிச்சுட்டு எனக்குப் போன் பண்ணு. அம்மாவுக்குப் பண்ணாத.”